விலைப்பட்டியலை ஏற்றும்போது ‘ஓகே’ கொடுப்பதற்கு முன்

குழாய், ஃபிட்டிங்ஸ், எலக்ட்ரிகல் சாமான் விற்கும் கடைகளுக்குக் கம்பெனிக்காரர்கள் விலையை மாற்றும்போதெல்லாம் ஒரு எக்செல் ஃபைல் வாட்ஸ்அப்பில் வந்து விழும். ஆயிரம் ஐட்டத்துக்கு உட்கார்ந்து ஒவ்வொன்றாக விலை அடிக்க யாருக்கும் பொறுமை இருக்காது. ஃபைலை பில்லிங் சாஃப்ட்வேரில் ஏற்றினால் ஒரே நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். நல்ல சாஃப்ட்வேர் உடனே மாற்றிவிடாது. பழைய விலை, புது விலை, வித்தியாசம் என்று ஒரு பிரிவ்யூ காட்டி, மாற்றலாமா என்று கேட்கும். சேலத்தில் நான் சாஃப்ட்வேர் பார்த்துக்கொடுக்கும் கடைகளில் அந்தத் திரையை முழுதாகப் படிப்பவர்கள் குறைவு. மேலே உள்ள பத்து வரியைப் பார்த்துவிட்டு ஓகே அழுத்திவிடுகிறார்கள்.

ஆயிரம் வரியையும் படிக்கச் சொல்லவில்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் ஐந்து நிமிடம் போதும்.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடை. பிவிசி ஃபிட்டிங்ஸ் கம்பெனி 5 சதவீதம் விலை ஏற்றியிருந்தது. கடைக்காரர் ஃபைலை ஏற்றிவிட்டு, பிரிவ்யூவைப் பார்த்ததும் எனக்குப் போன் போட்டார். “ஏனுங்க தம்பி, கம்பெனிக்காரன் ஏத்தியிருக்கான், இதுல எல்லாமே குறைஞ்சு காட்டுதே?”

ஒரு எல்போவை எடுத்துக்கொள்வோம். அவருடைய சிஸ்டத்தில் பழைய விலை 23.60 ரூபாய். ஃபைலில் புது விலை 21.00. பிரிவ்யூவில் 11 சதவீதம் குறைவு. அடுத்த வரியில் டீ, அதுவும் 11 சதவீதம் குறைவு. அதற்கடுத்த வரியும் அப்படியே. இப்படி வரிசையாக ஒரே சதவீதம் வந்தால் ஏதோ ஒரு காரணம் எல்லா வரியையும் சேர்த்து இழுக்கிறது என்று பொருள். இங்கே அந்தக் காரணம் ஜிஎஸ்டி. கடையில் வைத்திருந்தது 18 சதவீத வரி சேர்த்த விலை: 20 ரூபாயும் 3.60 வரியும். கம்பெனி லிஸ்ட்டில் இருந்தது வரி சேர்க்காத விலை. 20 ரூபாய்க்கு 5 சதவீதம் ஏற்றினால் 21, வரியோடு 24.78 ஆக இருக்க வேண்டும். அப்படியே ஏற்றியிருந்தால் ஒவ்வொரு எல்போவிலும் 3.78 ரூபாய் கைநஷ்டம். கம்பெனி விலையே ஏற்றாமல், வரி மட்டும் விட்டுப்போயிருந்தால் சுமார் 15 சதவீதம் குறைந்து காட்டும். அந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. அடிக்கடி கண்ணில் படும்.

சரிசெய்வது சுலபம். எக்செல்லில் விலை B காலம்னில் இருந்தால், பக்கத்துக் காலம்னில் இதைப் போட்டுக் கீழே வரை இழுத்துவிட்டால் போதும்:

```
=ROUND(B2*1.18,2)
```

ஆனால் லிஸ்ட்டில் உள்ள எல்லாச் சாமானுக்கும் 18 சதவீதம்தானா என்று பார்த்துவிட்டு இழுக்க வேண்டும். வேறு வரி உள்ள ஐட்டங்கள் கலந்திருந்தால் அவற்றைத் தனியாகப் பிரித்துவிடுங்கள்.

திரும்ப ஏற்றியபோது கண்ணில் பட்ட வரிகள் எல்லாம் 5 சதவீதம் ஏற்றம் என்று வந்தன. அவருக்கு நிம்மதி. அப்போதும் ஓகே கொடுக்கவிடாமல், வித்தியாச சதவீதத்தை வைத்துப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தச் சொன்னேன். உச்சியில் கிளாம்ப். பழைய விலை 5.90, புது விலை 619.50. பத்தாயிரம் சதவீதத்துக்கும் மேல் ஏற்றம்! காரணம் எளிது: கம்பெனி 100 பீஸ் பாக்கெட்டுக்கு விலை போட்டிருந்தது, கடையில் பீஸ் கணக்கு. இது கண்ணை உறுத்துவதால் யாராவது பிடித்துவிடுவார்கள். ஜோடிக்கு விலை போட்டு வரும் சாமான் 110 சதவீதம் ஏற்றமாகக் காட்டும். “சரி, நிறைய ஏத்திட்டான் போல” என்று கடந்துவிடும் ஆபத்து அதில்தான் அதிகம். அதே வரிசையின் அடிமட்டத்தையும் பார்க்க வேண்டும். அங்கே 100 சதவீதம் குறைவு, அதாவது புது விலை பூஜ்யம் என்று சில வரி நிற்கலாம். ஃபைலில் விலை காலியாக இருந்தால் சில சாஃப்ட்வேர் ‘மாற்ற வேண்டாம்’ என்று எடுத்துக்கொள்ளும், சில பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். உங்களுடையது எந்த ரகம் என்று ஒரே ஒரு ஐட்டத்தை வைத்துச் சோதித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு தொல்லை, பிரிவ்யூவில் வராத வரிகள். ஃபைலில் 1,000 வரி, பிரிவ்யூவில் 940 என்றால் மீதி 60 எங்கே? பெரும்பாலும் ஐட்டத்தின் கோடு நம்பர் பொருந்தவில்லை. எல்போவின் கடைக் கோடு 0075 என்று இருக்கும். எக்செல் அதை எண் என்று நினைத்து முன்னால் உள்ள பூஜ்யங்களைத் தின்றுவிட்டு 75 ஆக்கிவிடும். பார்கோடு இன்னும் மோசம். 890 என்று தொடங்கும் 13 இலக்க எண்ணை எக்செல் 8.90123E+12 என்று சுருக்கிக் காட்டும். அந்த நிலையில் சிஎஸ்வியாகச் சேமித்தால் பின்பக்க இலக்கங்கள் போய்விடும். பல சாமான்களுக்கு ஒரே பார்கோடு ஆகிவிடும், மறுபடி திறந்து எத்தனை தடவை ஃபார்மட் மாற்றினாலும் திரும்பி வராது. அதனால் சிஎஸ்வி ஃபைலை டபுள் கிளிக் செய்து திறக்காதீர்கள். எக்செல்லில் `Data` போய், `From Text/CSV` வழியாக எடுத்து, கோடு காலம்னை `Text` என்று மாற்றிவிட்டுத் திறக்க வேண்டும். பொருந்தாத வரிகளையாவது சாஃப்ட்வேர் ‘கிடைக்கவில்லை’ என்று காட்டிவிடும். ஆனால் 75 என்ற கோடில் உங்களிடம் வேறொரு சாமான் இருந்தால் எல்போ விலை அதன் தலையில் ஏறிவிடும். அதனால்தான் பிரிவ்யூவில் ஃபைலில் உள்ள பெயரும் கடையில் உள்ள பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நான் அடம்பிடிப்பேன்.

(ஏற்காட்டில் காப்பித்தூளும் மிளகும் விற்கும் சின்னக் கடைக்கு இதெல்லாம் தேவையில்லை. முப்பது, நாற்பது ஐட்டம்தான் என்றால் கையால் அடிப்பதே மேல்.)

அப்புறம் அன்டூ. “தப்பானா திருப்பிக்கலாம்ல?” என்ற தைரியத்தில்தான் பலரும் பிரிவ்யூவைப் படிக்காமல் விடுகிறார்கள். அன்டூ திருப்புவது விலையை மட்டும். காலை பத்து மணிக்கு ஏற்றி, மதியம் இரண்டு மணிக்குத் தப்பு தெரிந்து திருப்பினால், நடுவில் போட்ட பில்கள் தப்பு விலையிலேயே இருக்கும். இருக்கவும் வேண்டும், பில் என்பது அந்த நேரத்தில் நடந்த வியாபாரத்தின் கணக்கு. ஜிஎஸ்டி எண் உள்ள காண்ட்ராக்டருக்கு அதிகமாகப் போட்டிருந்தால் கிரெடிட் நோட், குறைவாகப் போட்டிருந்தால் டெபிட் நோட் கொடுத்துச் சரிசெய்யலாம். ரொக்கம் கொடுத்து நாலு எல்போ வாங்கிப் போனவரை எங்கே தேடுவது? ஆகவே கவுன்டர் மூடிய பிறகு ராத்திரி ஏற்றுங்கள். மறுநாள் முதல் பில்லுக்கு முன் பத்து ஐட்டத்தை ஸ்கேன் செய்து பாருங்கள்.

ஏற்றிய பிறகு யாராவது கையால் மாற்றிய விலைதான் அடுத்த சிக்கல். காலையில் ஃபைல் ஏற்றினீர்கள், பதினொரு மணிக்குக் கடைப் பையன் ஒரு வால்வு விலையைச் சரியாகத் திருத்தினான், மதியம் அன்டூ. சில சாஃப்ட்வேர் அவன் திருத்தியதையும் சேர்த்து அழித்துப் பழைய விலையைப் போட்டுவிடும். ஒழுங்காக எழுதியது என்றால், ‘இந்த ஐட்டம் இடையில் மாறியிருக்கிறது, என்ன செய்யலாம்?’ என்று தனியாகக் கேட்கும். சாஃப்ட்வேர் வாங்கும்போது டெமோ காட்டுபவரிடம் இதைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். ஐந்து ஐட்டத்தை ஃபைலில் ஏற்றி, ஒன்றைக் கையால் மாற்றி, அன்டூ அழுத்தச் சொன்னால் போதும். கடைசியாக ஏற்றிய ஃபைலை மட்டும்தான் திருப்ப முடியுமா, போன வாரம் ஏற்றியதையும் திருப்பலாமா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம். அன்டூவே இல்லாத சாஃப்ட்வேர் என்றால், ஒவ்வொரு தடவையும் ஏற்றுவதற்கு முன் இருக்கும் விலைகளை அப்படியே ஒரு ஃபைலாக இறக்கி, பெயரில் தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். திருப்ப வேண்டி வந்தால் அந்த ஃபைலை ஏற்றலாம். அதையும் பிரிவ்யூவில் பார்த்துவிட்டுத்தான்.