மயில் கழுத்து என்ன கலர்? கல்யாணப் போட்டோவை ஓவியமாக்கக் கொடுக்கும் முன்

கல்யாணப் போட்டோவை ஓவியமாக வரைந்து தரச் சொல்லி வருகிறவர்கள் மூன்று நிபந்தனை வைப்பார்கள். முகம் மாறக் கூடாது, நிற்கிற விதம் மாறக் கூடாது, புடவை கலர் மாறக் கூடாது. மற்றபடி கார்ட்டூன் மாதிரியோ வாட்டர்கலர் மாதிரியோ, அது நம் இஷ்டம். முதல் இரண்டைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். ஆனால் வேலூர்ப் பக்கம் எனக்கு வரும் வேலைகளில் அதிகம் திருத்தத்துக்குத் திரும்புவது மூன்றாவதுதான். அனுப்புகிற போட்டோவிலேயே பல நேரம் புடவையின் நிறம் இருப்பதில்லை.

குடியாத்தத்துக் குடும்பம் ஒன்று. பெண் கட்டியிருந்தது ஆரணிப் பட்டு, மயில் கழுத்து நிறம், அரக்கு பார்டர். மேடைக்கு முன்னால் மஞ்சள் விளக்குகள், பின்னால் ஊதா எல்இடி. போட்டோவில் புடவை பாசி பிடித்த பச்சையாக இருந்தது. முதல் வரைவில் போட்டோவில் இருக்கும் நிறத்தையே எடுத்துப் போட்டு அனுப்புவது என் வழக்கம், வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்க. பெண்ணின் அம்மா போன் செய்தார். "தம்பி, மூஞ்சி எங்க பொண்ணேதான். பொடவைதான் யாரோடதோ."

அவர் சொன்னது சரி. மயில் கழுத்து என்பது ஒரே நிறம் அல்ல. நீளவாக்கில் ஓடும் பாவு ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடை வேறு நிறம். பெரும்பாலும் ஒன்று நீலம், மற்றது பச்சை. நேராகப் பார்த்தால் ஒன்று தூக்கலாகத் தெரியும், மடிப்பு திரும்பும் இடத்தில் மற்றது மின்னும். மஞ்சள் விளக்கில் நீல ஒளி குறைவு. அதனால் நீல இழை கறுத்துப் போய், பச்சை மட்டும் மிஞ்சுகிறது. கேமராவும் விளக்கின் நிறத்தைக் கழிக்கப் பார்க்கும். ஆனால் முன்னால் மஞ்சள், பின்னால் ஊதா என்றால் எதைக் கழிப்பது? இரண்டும் அரைகுறையாக நிற்கும்.

அவர்களிடம் இரண்டே படம் கேட்டேன். காலையில் ஜன்னல் ஓரம், நேர் வெயில் படாத இடம், ஃபிளாஷ் வேண்டாம். புடவையை விரித்து ஒன்று, மடித்துத் தூக்கிப் பிடித்து ஒன்று. இரண்டிலும் புடவை மேல் ஒரு வெள்ளை ஏ4 தாள் இருக்க வேண்டும். அந்தத் தாளை வெள்ளை என்று மென்பொருளுக்குக் காட்டிவிட்டால் மற்ற நிறங்கள் அதனதன் இடத்துக்கு வந்துவிடும். மாப்பிள்ளையின் வேட்டியே வெள்ளைதானே, அதை வைத்துச் செய்யலாமே என்று கேட்பார்கள். பட்டு வேட்டி வெள்ளை இல்லை, லேசான சந்தனம். அதை வெள்ளையாக்கினால் படம் முழுக்க நீலம் ஏறிவிடும்.

மேடைப் படத்தில் புடவைக்குக் கிடைத்த நிறம், கணினியின் நிற எண்ணில் சொன்னால், #34452F. ஜன்னல் படத்தில் சமமான பரப்பு #12586B, மடிப்பின் விளிம்பு #2A7352. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு நிறத்தைக் கலந்து போட்டால் புடவை செத்துவிடும். அதனால் புடவை முழுக்க சமமான பரப்பின் நீலம், கொசுவத்திலும் முந்தானையின் திருப்பத்திலும் மடிப்பு விளிம்பின் பச்சையைக் கூர்மையான விளிம்போடு பட்டையாக வைத்தேன். மங்கலாகக் குழைக்கவில்லை. இரண்டு நிறமும் பக்கத்துப் பக்கத்தில் நின்றால்தான் கண் அதை மயில் கழுத்து என்று படிக்கும். அரக்கு பார்டரை மட்டும் உள்ளதைவிட ஒரு படி வெளுப்பாக்கினேன். கரும் நீலத்துக்குப் பக்கத்தில் அசல் அரக்கு, படம் சின்னதானால் கறுப்பாகிவிடும். நிறத்தைக் காப்பாற்றுவது என்றால் அந்த நிற எண்களை அப்படியே எடுத்து வைப்பது என்று அர்த்தம் இல்லை.

புடவையை மாற்றிய அதே விளக்கு முகத்தையும் மாற்றியிருக்கும். மணப்பெண்ணுக்கு அதற்கு மேல் மேக்கப் வேறு. முகம் ஒரு நிறம், கை ஒரு நிறம் என்று போட்டோவில் இருக்கும். வரையும்போது சின்னச் சின்ன வித்தியாசங்கள் கழிந்து, முகத்துக்கும் கைக்கும் உள்ள இந்த வித்தியாசம் மட்டும் பளிச்சென்று தெரியும். அதனால் பகலில் எடுத்த சாதாரணப் படம் ஒன்றும் கேட்பேன். "கொஞ்சம் கலரா போட்டுடுங்க" என்ற வேண்டுகோளும் கூடவே வரும். நான் செய்வதில்லை. கொள்கை ஒரு பக்கம் இருக்கட்டும், தோலை வெளுத்தால் ஜாடை போய்விடும். உதடு, புருவம், கண்ணோரம் ஆகியவை தோலுக்கு எதிரே எவ்வளவு அழுத்தமாகத் தெரிகின்றன என்பதிலும் ஒரு முகம் இருக்கிறது.

ஜாடைக்கு முதலில் வேண்டியது பெரிய படம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் போட்டோவின் நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். படுக்கை வாட்டத்தில் எடுத்த மேடைப் படத்தில், காலோடு தலை தெரிய இருவரும் நின்றால், தலை ஏறக்குறைய 100 பிக்சல் உயரம். ஒரு கண்ணுக்கு 15 பிக்சல் கிடைத்தால் அதிகம். இமை மடிப்பு எங்கே, பார்வை எந்தப் பக்கம் என்பது அதில் தெரியாது. தெரியாத இடத்தில் வரைபவர் தன் கைக்குப் பழகிய கண்ணைப் போடுவார், அங்கேதான் ஆள் மாறுகிறது. அதே படத்தை டாக்குமென்டாக அனுப்பினால் சுருங்காது.

கண்ணுக்குக் கண் உள்ள தூரம், மூக்கின் அகலம், வாயின் ஓரம் எங்கே முடிகிறது, தலை எவ்வளவு சாய்ந்திருக்கிறது. இவ்வளவும் சரியாக இருந்தால் கோடுகள் எவ்வளவு குறைந்தாலும் ஆள் தெரியும். இதில் ஒன்று தவறினால் ஒவ்வொரு முடியாக வரைந்தாலும் பலன் இல்லை. சிரிப்பில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். பல்லைத் தனித்தனியாகக் கோடு போட்டால் இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு ஐம்பது ஆகிவிடும். ஒரே வெள்ளை வடிவமாக விட்டு, ஓரத்தில் ஒரு கோடு போதும். வரைந்தது சரியா என்று பார்க்க, ஓவியத்தையும் போட்டோவையும் இடவலமாகத் திருப்பி, ஒரே அளவில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். கண் பழகிப்போய் மறைத்த கோணல் அப்போது வெளியே வரும்.

நிற்கும் விதத்துக்கு, தாலி கட்டும் படத்தைத் தவிர்த்துவிடுங்கள். அதில் பெண் குனிந்திருப்பார், பின்னால் நாத்தனார் கை இருக்கும், முகமே பாதிதான். 'இந்த நிலை, அந்தப் போட்டோவில் உள்ள முகம்' என்று இரண்டைச் சேர்க்கச் சொன்னால், தலையின் கோணமும் வெளிச்சம் வரும் பக்கமும் இரண்டிலும் ஒத்திருக்க வேண்டும். இல்லையென்றால் கழுத்தில் ஒட்டுப் போட்டது தெரியும். தலையைப் பெரிதாக்கும் பாணியும் இப்படித்தான். தலை வளர்ந்தால் இருவருக்கும் நடுவே உள்ள இடைவெளி போய்விடும், மாலை தாடை வரை ஏறிவிடும். தோளில் கை போட்ட நிலையில் கை தோளை எட்டாது. நிலை மாறக் கூடாது என்றால் தலை அளவையும் கிட்டத்தட்ட அப்படியே விட வேண்டும்.

கடைசியில் பிரின்ட். திரையில் தெரியும் மயில் கழுத்தும் ராணி பிங்க்கும் அச்சு மையில் அதே துடிப்போடு வராது, கொஞ்சம் மங்கும். பிரேம் போடக் கொடுக்கும் முன், முகமும் புடவையும் வரும் பகுதியை மட்டும் அதே தாளில் ஒரு கை அகலத்துக்கு அடித்து வாங்கி, பகல் வெளிச்சத்தில் புடவைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடையின் டியூப்லைட்டுக்குக் கீழே பார்த்து ஓகே சொல்லிவிடாதீர்கள்.