தீர்க்காயுசா இரு – இதுக்குத் தமிழ்ல என்ன?

கால்ல விழுந்து எந்திரிக்கறப்ப தாத்தா பாட்டிங்க நெத்தில விபூதி பூசிக்கிட்டே "தீர்க்காயுசா இருடா"ன்னு சொல்றாங்கல்ல, அது சமஸ்கிருதச் சொல். தீர்க்கம்னா நீண்ட, ஆயுஸ்னா வாழ்நாள். புரோகிதர் சொல்ற "தீர்க்காயுஷ்மான் பவ"ல இருக்கற பவங்கறது "ஆகுக". வீட்டுப் பெரியவங்க அந்த பவ-வை விட்டுட்டு நம்ம "இரு"வைப் போட்டுக்கிட்டாங்க.

இதுக்கு நேரான தமிழைப் புதுசா உருவாக்க வேண்டியதே இல்ல, குறள்லயே இருக்கு. புலவி நுணுக்கம் அதிகாரத்துல 1312வது குறள், "ஊடி இருந்தேமாத் தும்மினார் யாம்தம்மை நீடுவாழ் கென்பாக் கறிந்து". தலைவி கோவிச்சுக்கிட்டுப் பேசாம இருக்கா, தும்மினா எப்படியும் வாயைத் திறந்து "நீடு வாழ்க"ன்னு சொல்லிருவான்னு தெரிஞ்சே தலைவன் தும்மறான். கோவத்துலயும் தன்னால வாய்ல வர்ற அளவுக்கு அது அன்னைக்கே வீட்டுப் பேச்சா இருந்திருக்கு பாருங்க! இன்னைக்கும் குழந்தை தும்மினா நம்ம வீடுகள்ல "நூறு"ங்கறோம், தெலுங்குல "சிரஞ்சீவ"ங்கறாங்க.

ஆனா எழுத்துல நீடு வாழ்கன்னா பேச்சுல அது "நல்லா இரு"தான், ஆயுசு, உடம்பு, குடும்பம், காசுன்னு எல்லாமே அந்த ரெண்டு சொல்லுக்குள்ள வந்துரும். இதை இங்கிலீஷ்ல சொல்லுக்குச் சொல் மாத்தி "பி குட்"னு போட்டா தப்பு, அது குறும்பு பண்ணாம ஒழுங்கா இருன்னு அதட்டற மாதிரி ஆயிரும், அங்க பெரியவங்க இயல்பா சொல்றது "காட் பிளஸ் யூ"தான். இந்தில "ஜீதே ரஹோ", வாழ்ந்துக்கிட்டே இருன்னு அர்த்தம், பொண்ணா இருந்தா "ஜீத்தீ ரஹோ". தெலுங்குல "நூறேள்ளு சல்லகா உண்டு", நூறு வருஷம் குளிர்ச்சியா இருங்கறாங்க, நம்ம ஊர் வெயிலுக்கு இதைவிட நல்ல வாழ்த்து ஏது. துருக்கில பெருநாளன்னைக்குப் பிள்ளைங்க பெரியவங்க கையை முத்தமிட்டு நெத்தில வச்சுக்குவாங்க, அப்ப அவங்க சொல்றது "உன் கையை முத்தமிடறவங்க நிறைய ஆகட்டும்". நீயும் வயசாகி, பேரன் பேத்தி எடுத்து, மரியாதையோட இருன்னு அர்த்தம், ஆயுசுங்கற சொல்லே இல்லாம தீர்க்காயுசைச் சொல்லிட்டாங்க.

பொண்ணுங்களுக்கு மட்டும் "தீர்க்க சுமங்கலியா இரு"ன்னு சொல்றதுல எனக்கு மனசு ஒப்பல, அதுல நீண்ட ஆயுசு கேக்கறது புருஷனுக்கு, கால்ல விழுந்தவளுக்கு இல்ல. "நல்லா இரும்மா"ல அந்தக் குறை கிடையாது.

இன்னொண்ணு, "நல்லா இரு"வைத் தொனி வச்சுத்தான் புரிஞ்சுக்கணும். தலையில கை வச்சு மெதுவா சொன்னா வாழ்த்து. ஏமாந்துபோன ஒருத்தர் வாசல்ல நின்னு, "நல்லா இருங்கடா, நல்லா இருங்க"ன்னு இழுத்து ரெண்டு தடவை சொன்னா அது சாபம், ஊர்ல யாருக்கும் அதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்ல.