செத்த சர்வர் பரவாயில்லை, இழுத்துக்கொண்டிருக்கும் சர்வர்தான் ஆபத்து

ஒரு சர்வர் அடியோடு நின்றுபோனால் எனக்குப் பெரிய கவலை இல்லை. உடனே எல்லோருக்கும் தெரிந்துவிடும், யாராவது எழுப்பிவிடுவார்கள். நிற்கவும் நிற்காமல், ஓடவும் ஓடாமல் இழுத்துக்கொண்டிருக்கிற சர்வர்தான் பண்டிகை நாட்களில் வியாபாரத்தைக் கெடுக்கிறது. வாடிக்கையாளர் சலித்துப்போய் வேறு கடைக்குப் போன பிறகும் கண்காணிப்புத் திரையில் எல்லாம் பச்சையாகவே இருக்கும்.

பாலக்காட்டுக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவே, எல்லையை ஒட்டிய ஊர்களில் சின்ன வியாபாரிகளின் இணையதளங்களைப் பராமரிப்பது என் வேலை. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நேந்திரம் சிப்ஸும் சர்க்கரை வரட்டியும் விற்கிற ஒருவர் அவர்களில் உண்டு. ஓணத்துக்கு முந்தைய வாரம் அவர் கடைமுன் கூட்டம் சாலை வரை நிற்கும். இணையத்திலும் அதே வாரத்தில்தான் ஆர்டர்கள் குவியும். ஒரு வருடம் அவருடைய தளம் திணறியது. என்ன நடந்தது என்பதை அவர் கடையின் கவுன்டரை வைத்தே அவருக்குச் சொன்னேன். இங்கும் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

கடையில் கவுன்டரில் ஒருவர் நிற்கிறார். "இரண்டு கிலோ சிப்ஸ், அரை கிலோ வரட்டி" என்று கேட்டதும் சீட்டெழுதி, உள்ளே பொட்டலம் கட்டுகிறவரிடம் கொடுக்கிறார். கட்டி வந்ததை வாங்கி வாடிக்கையாளரிடம் நீட்டுகிறார். உள்ளே எத்தனை பேர், யார் கட்டினார் என்பது வெளியில் இருப்பவருக்குத் தெரியாது, தெரியவும் தேவையில்லை. இணையதளத்தில் இந்தக் கவுன்டர்காரரின் பெயர் ரிவர்ஸ் பிராக்சி. உள்ளே இரண்டு மூன்று பேர் இருந்து, எந்தச் சீட்டு யாருக்கு என்று அவர் முடிவு செய்யும்போது அவரே லோட் பேலன்சரும் ஆகிறார். என்ஜின்எக்ஸ், ஹெச்ஏபிராக்சி போன்ற மென்பொருள்கள் இரண்டு வேலையையும் சேர்த்தே பார்க்கின்றன.

உள்ளே ஒரே ஒருவர் இருந்தாலும் கவுன்டர்காரரால் பயன் உண்டு. சுருக்குப்பையை அவிழ்த்துச் சில்லறையை ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுக்கிற பாட்டிக்காகப் பொட்டலம் கட்டுகிறவர் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. அவர் கட்டிக் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விடுவார், பாட்டியோடு நிற்பது கவுன்டர்காரரின் பாடு. மலையோரத்தில் சிக்னல் ஒரு கோடாகத் தேயும் போனிலிருந்து தளத்தைத் திறப்பவர்தான் அந்தப் பாட்டி. என்ஜின்எக்ஸ் உள் சர்வரின் பதிலை வாங்கித் தன்னிடம் வைத்துக்கொண்டு, அந்தப் போனுக்கு மெல்ல மெல்லக் கொடுக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே சின்னத் தளங்களுக்கும் முன்னால் ஒரு பிராக்சி வைக்கச் சொல்வேன்.

இனி அந்த ஓண வாரம். பின்னால் இரண்டு சர்வர்கள். இரண்டாவது, பண்டிகைக்காகவே சில நாட்கள் முன்பு வேறொருவர் அமைத்துக் கொடுத்தது. முன்னால் என்ஜின்எக்ஸ். சீட்டுகளை அது மாற்றி மாற்றி, முதல் சீட்டு அவருக்கு, அடுத்தது இவருக்கு என்று கொடுக்கும். வேறெதுவும் சொல்லாவிட்டால் அதன் வழக்கம் அதுதான்.

"தளம் சில சமயம் பறக்கிறது, சில சமயம் அப்படியே நின்றுவிடுகிறது. இன்னொரு சர்வர் வாங்கிவிடலாமா தம்பி?" என்று கடைக்காரர் கேட்டார். இரண்டு சர்வரிலும் சிபியூ பத்து சதவீதத்தைத் தாண்டவில்லை. மூன்றாவதை வாங்கி என்ன செய்வது? "கொஞ்சம் பொறுங்கள் அண்ணா, முதலில் கவுன்டர் நோட்டைப் பார்த்துவிடலாம்" என்றேன்.

என்ஜின்எக்ஸ் வழக்கமாக எழுதும் பதிவேட்டில் யார் வந்தார், என்ன கேட்டார், என்ன பதில் போனது என்பது இருக்கும். உள்ளே யாரிடம் கொடுத்தது, அவர் எவ்வளவு நேரம் எடுத்தார் என்பது இருக்காது. அந்த இரண்டையும் நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

```
log_format kadai '$remote_addr "$request" $status '
  '$request_time $upstream_response_time $upstream_addr';
```

இந்த வடிவத்தைப் பதிவேட்டுக்குச் சூட்டியதும் விஷயம் வெளுத்துவிட்டது. முகவரிப் பகுதியை நீக்கிவிட்டு இரண்டு வரிகளை மட்டும் காட்டுகிறேன்.

```
"GET /api/stock HTTP/1.1" 200 0.041 0.040 10.0.0.11:8080
"GET /api/stock HTTP/1.1" 200 41.377 41.376 10.0.0.12:8080
```

ஒரே கேள்வி. ஒரு சர்வர் கண்ணிமைக்கும் நேரத்தில் சொல்லிவிடுகிறது, மற்றது நாற்பத்தொரு விநாடி இழுக்கிறது. இரண்டுக்கும் 200, அதாவது வெற்றி. அதை அடுத்து வரும் முதல் எண் வாடிக்கையாளருக்கு ஆன மொத்த நேரம், இரண்டாவது உள்ளே ஆனது. இரண்டும் சமமாகப் பெரிதாக இருந்தால் கோளாறு உள்ளே. முதலாவது மட்டும் பெரிதாக இருந்தால் பெரும்பாலும் அது சில்லறை எண்ணுகிற பாட்டி, சர்வரைக் குறை சொல்ல முடியாது.

கவுன்டர்காரர் ஏன் இந்த மந்தமானவரிடம் சீட்டுக் கொடுப்பதை நிறுத்தவில்லை? ஏனென்றால் அவருக்குச் சொல்லப்பட்டிருக்கும் பொறுமையின் அளவு அறுபது விநாடி. `proxy_read_timeout` என்ற அமைப்பின் இயல்பான மதிப்பு அது. நாற்பத்தொன்று அறுபதுக்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே என்ஜின்எக்ஸின் கணக்கில் தோல்வி என்று ஒன்று நடக்கவே இல்லை.

இரண்டில் ஒன்று சரியாக இருந்தால் பாதி வாடிக்கையாளர்களாவது தப்பிப்பார்கள் என்று தோன்றும். தப்ப மாட்டார்கள். அந்தத் தளத்தின் ஒரு பக்கம் திறக்க ஆறு கேள்விகள் உள்ளே போகின்றன. ஆறும் நல்ல சர்வரிடமே போய்ச் சேர்வதற்கான வாய்ப்பு ஏறக்குறைய அறுபத்து நான்கில் ஒன்று. ஆகவே கிட்டத்தட்ட வந்தவர் எல்லோருமே எங்காவது ஓரிடத்தில் மாட்டிக்கொண்டார்கள்.

மந்தத்துக்குக் காரணம் அற்பமானது. சர்வர்கள் தரவுத்தளத்தோடு பேச முன்கூட்டியே சில இணைப்புகளைத் திறந்து வைத்திருக்கும். பழைய சர்வருக்கு ஐம்பது. புதியதற்கு, சோதனைக்கு வைத்த ஐந்து அப்படியே விடப்பட்டிருந்தது. கடை அலுவலகத்தில் இருப்பவர்கள் அன்றைய கணக்கு அறிக்கையை அதே தளத்தில்தான் எடுப்பார்கள். அரை நிமிடத்துக்கு மேல் ஓடும் அறிக்கை, வராவிட்டால் மறுபடி அழுத்துவார்கள். ஐந்து இணைப்பும் அறிக்கைகளிடம் சிக்கிக்கொள்ள, இருப்பு கேட்டு வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். காத்திருப்பதற்கு சிபியூ செலவாகாது, அதனால்தான் திரை பச்சையாக இருந்தது.

இணைப்புகளைக் கூட்டியதும் அன்றைய வலி தீர்ந்தது. ஆனால் நாளைக்கு வேறு காரணத்தால் வேறொரு சர்வர் மந்தமாகும். கவுன்டர்காரருக்குப் புத்தி சொல்லி வைக்க வேண்டும்.

```
upstream kadai {
    server 10.0.0.11:8080 max_fails=3 fail_timeout=15s;
    server 10.0.0.12:8080 max_fails=3 fail_timeout=15s;
}
server {
    location / {
        proxy_pass http://kadai;
        proxy_connect_timeout 2s;
        proxy_read_timeout 8s;
    }
}
```

எட்டு விநாடிக்குள் உள்ளிருந்து எதுவும் வராவிட்டால் அது தோல்வி. சீட்டு அடுத்தவருக்குப் போகும். பதினைந்து விநாடிக்குள் மூன்று முறை தோற்றவருக்கு அடுத்த பதினைந்து விநாடி சீட்டுக் கிடையாது. பதிவேட்டில் இது தெளிவாகத் தெரியும்: ஒரே வரியில் இரண்டு முகவரிகளும் `8.003, 0.052` என்று இரண்டு நேரங்களும் காற்புள்ளியோடு நிற்கும். அறிக்கைப் பக்கத்துக்கு எட்டு விநாடி போதாது, அதற்கு மட்டும் தனி `location` எழுதி நீண்ட நேரம் கொடுத்தேன்.

இதிலும் ஒரு குறை இருக்கிறது. ஒருவர் மந்தமா என்பதை இந்தக் கவுன்டர்காரர் வாடிக்கையாளரின் சீட்டைக் கொடுத்துத்தான் கண்டுபிடிக்கிறார். பதினைந்து விநாடி கழித்துப் பரிசோதிப்பதும் யாரோ ஒரு வாடிக்கையாளரின் செலவில்தான். என்ஜின்எக்ஸின் இலவசப் பதிப்பு இவ்வளவுதான் செய்யும். ஹெச்ஏபிராக்சியிடம் `check` என்று சொல்லி வைத்தால் அது தானே இரண்டு விநாடிக்கு ஒருமுறை உள்ளே எட்டிப் பார்க்கும், இன்னும் சொல்லி வைத்தால் ஒரு குறிப்பிட்ட பக்கத்தைக் கேட்டும் பார்க்கும். அந்தப் பக்கம் தரவுத்தளத்தைத் தொடாமல் வெறுமனே "நலம்" என்று சொல்வதாக இருந்தால், மேலே சொன்ன சர்வர் அந்தச் சோதனையிலும் தேறியிருக்கும். தொடுவதாக எழுதினாலோ, தரவுத்தளம் ஒரு நொடி தடுமாறும்போது எல்லா சர்வர்களும் ஒன்றாகத் தோற்றுப்போய்க் கடையே மூடிவிடலாம். நான் தொடச் சொல்பவன், ஆனால் மூன்று முறை தொடர்ந்து தோற்றால் மட்டுமே விலக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

யார் கையில் வேலை குறைவோ அவருக்கே சீட்டு என்ற ஏற்பாடும் உண்டு. என்ஜின்எக்ஸில் `least_conn`. மந்தமானவரிடம் சீட்டுகள் தேங்குவதால் அவருக்குத் தானாகவே குறைவாகப் போகும், இந்தச் சம்பவத்துக்கு நல்ல மருந்து. ஆனால் உள்ளே ஒருவர் கட்டவே கட்டாமல் "இல்லை, போ" என்று நொடியில் சீட்டைத் திருப்புகிறார் என்று வையுங்கள். அவர் கை எப்போதும் காலி. எல்லாச் சீட்டும் அவருக்கே போகும். 500 என்ற பிழையை உடனுக்குடன் துப்புகிற சர்வர் அப்படித்தான் கூட்டத்தை விழுங்கும். என்ஜின்எக்ஸ் 500 பதிலைத் தோல்வியாக எண்ணாது, எண்ணச் சொன்னால்தான் எண்ணும். அதைச் சொல்ல வேண்டிய இடம் `proxy_next_upstream`, சேர்க்க வேண்டிய சொல் `http_500`.

அதே வரியில் `non_idempotent` என்ற சொல்லையும் சேர்க்கச் சிலர் ஆலோசனை சொல்வார்கள். சேர்க்காதீர்கள். ஆர்டர் போடுவது போன்ற POST கேள்வியை உள்ளே அனுப்பியபின் பதில் வராவிட்டால், என்ஜின்எக்ஸ் 1.9.13 முதல் அதை அடுத்த சர்வருக்கு அனுப்புவதில்லை. காரணம் இருக்கிறது. எட்டு விநாடியில் கவுன்டர்காரர் கைவிட்டாலும் உள்ளே இருப்பவர் கட்டிக்கொண்டேதான் இருப்பார். அதே சீட்டை இன்னொருவரிடமும் கொடுத்தால் இரண்டு பொட்டலம் வரும், பணமும் இருமுறை பிடிக்கப்படும்.

கவுன்டர்காரர் ஒழுங்காக இருந்தாலும் உள்ளிருந்து நேரத்துக்குப் பதில் வரவில்லை என்று சொல்லும் 504 பக்கத்தைப் பார்த்த வாடிக்கையாளர் தானே மறுபடி அழுத்துவார். அதற்கு மருந்து கவுன்டரில் இல்லை. ஆர்டர் பக்கம் திறக்கும்போதே அதற்கு ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணில் இரண்டாவது ஆர்டர் ஏறாதபடி தரவுத்தளத்தில் தடை போட வேண்டும். அந்தக் கடையின் தளத்தில் அது இல்லை. ஓணம் முடிந்து, இரண்டு முறை போன பெட்டிகளுக்குப் பணம் திருப்பிக் கொடுத்த பிறகு சேர்த்தோம்.