தீபாவளி மெசேஜின் கணக்கு பொங்கலுக்கு உதவ

பண்ருட்டி முந்திரியை W320, W240 என்று தரம் பிரித்து (W320 என்றால் ஒரு பவுண்டு எடைக்கு 300 முதல் 320 பருப்பு) கடலூரிலிருந்து கூரியரில் அனுப்பும் ஒரு கடையை வைத்துக்கொள்வோம். அதன் வாட்ஸ்அப் பட்டியலில் பழைய வாடிக்கையாளர்கள் 4,000 பேர். தீபாவளிக்கு அவர்களிடம் “ஆர்டருக்கு 60 ரூபாய் தள்ளுபடி” என்று சொல்வதா, “டெலிவரி இலவசம்” என்று சொல்வதா? டெலிவரிக் கட்டணமும் 60 ரூபாய்தான். கடைக்கு ஆகும் செலவு ஒன்றே என்பதால், பாதிப் பேருக்கு ஒன்று, மறுபாதிக்கு இன்னொன்று என்று அனுப்பி, எதற்கு ஆர்டர் கூடுகிறது என்று மட்டும் பார்த்தால் போதும். இனி வரும் எண்கள் கணக்கு புரிவதற்காக எடுத்துக்கொண்டவை.

இப்படிப்பட்ட சோதனைகளுக்கு, ஒன்றுக்கு ஒரு வரியாக, ஒரு பதிவேடு வேண்டும். மெசேஜ் போவதற்கு முன்பே அதில் முதல் வரி எழுதப்பட வேண்டும். “இலவச டெலிவரி நன்றாகப் போகும்” என்பது போதாது. காரணமும் அளவும் வேண்டும்: “பணம் கட்டும் இடத்தில் டெலிவரிக் கட்டணத்தைப் பார்த்ததும் சிலர் விலகுகிறார்கள், அதை எடுத்துவிட்டால் 7 நாளில் ஆர்டர் செய்வோர் 4 சதவீதத்திலிருந்து 5.2 சதவீதமாக உயர்வார்கள்.” ரத்தான ஆர்டரைக் கணக்கில் சேர்ப்பதா என்பதையும் அப்போதே எழுதிவிட வேண்டும். முடிவு தெரிந்தபின் எழுதினால், நமக்குப் பிடித்த பக்கம் ஜெயிக்கும்படி அளவுகோல் தானாகவே வளைந்துவிடும்.

அளவை எழுதினால்தான் எத்தனை பேர் தேவை என்று போட்டுப் பார்க்க முடியும். இதற்குக் கைக்கணக்கு ஒன்று உண்டு:

```
n = 16 × p × (1 − p) ÷ d²
```

p என்பது இப்போதைய வீதம் 0.04, d என்பது எதிர்பார்க்கும் வித்தியாசம் 0.012. விடை, பக்கத்துக்குச் சுமார் 4,300 பேர். கடையிடம் இருப்பதோ பக்கத்துக்கு 2,000. ஆக ஒரே பண்டிகையில் விடை கிடைக்காது. “பொங்கலுக்கு இதே சோதனையை மாற்றாமல் மறுபடி செய்து, இரண்டையும் சேர்த்துத்தான் முடிவெடுப்போம்” என்று அன்றைக்கே எழுதி வைக்க வேண்டும். இல்லையென்றால் நடுவில் எண்ணைப் பார்த்து, சாதகமாக இருக்கும் நாளில் நிறுத்திவிடத் தோன்றும். அப்படி நிறுத்தினால் தற்செயலான ஏற்றம்கூட வெற்றியாகத் தெரியும்.

ஆட்களைப் பிரிப்பதில் அடிக்கடி கோளாறு வரும். கடலூர்க்காரர்களுக்கு ஒன்று, புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னொன்று என்று அனுப்பினால், வித்தியாசம் ஊரால் வந்ததா மெசேஜால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. ஷீட்டில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் `=RAND()` போட்டு, வந்த எண்களை உடனே வெறும் மதிப்புகளாக ஒட்டிவிட்டு, அதன்படி வரிசைப்படுத்தி, மேலே உள்ள 2,000 பேரை ஒரு குழுவாக எடுங்கள். ஒட்ட மறந்தால் ஷீட்டைத் தொடும்போதெல்லாம் எண்கள் மாறிக்கொண்டே இருக்கும். யாருக்கு எது போனது என்ற தடயம் அழிந்துவிடும். பொங்கலுக்குப் புதிதாகக் குலுக்க வேண்டும்.

தீபாவளி முடிந்தது. தள்ளுபடிக் குழுவில் 2,000 பேருக்கு 80 ஆர்டர், இலவச டெலிவரிக் குழுவில் 2,000 பேருக்கு 104. வித்தியாசம் 1.2 சதவீதப் புள்ளி. உண்மையான வித்தியாசம் இருக்கக்கூடிய வரம்பு, அதாவது 95 சதவீத நம்பிக்கை இடைவெளி, −0.1 முதல் 2.5 வரை. இடைவெளிக்குள் சுழியமும் இருப்பதால் “இன்னும் தெரியவில்லை” என்றே பதிய வேண்டும். “பலனில்லை” என்று எழுதினால் அது தப்பு. அடுத்து வருபவர் இந்த யோசனையையே கைவிட்டுவிடுவார்.

பொங்கலுக்கு 70, 98. வித்தியாசம் 1.4. இரண்டு வித்தியாசங்களின் சராசரி 1.3, இடைவெளி சுமார் 0.4 முதல் 2.2 வரை. இப்போது சுழியம் வெளியே போய்விட்டது. தீபாவளி வரியில் “5.2% வந்தது” என்று மட்டும் இருந்திருந்தால் இப்படிச் சேர்த்திருக்கவே முடியாது. எத்தனை பேருக்கு அனுப்பி எத்தனை ஆர்டர் வந்தது என்ற இரண்டு எண்களும் ஒவ்வொரு குழுவுக்கும் இருந்ததால்தான் முடிந்தது.

கவனித்தால், இரண்டு குழுக்களின் வீதமுமே பொங்கலுக்குக் குறைந்திருக்கிறது. அதனால்தான் தீபாவளித் தள்ளுபடியின் 4 சதவீதத்தைப் பொங்கல் இலவச டெலிவரியின் 4.9-உடன் ஒப்பிடக் கூடாது. வடகிழக்குப் பருவமழையில் கூரியர் தாமதமானது, முந்திரி விலை ஏறியது, பட்டியலில் புது ஆட்கள் சேர்ந்தது எல்லாம் வீதத்தை நகர்த்தும். அவற்றைப் பதிவேட்டில் ‘சூழல்’ என்ற நெடுவரிசையில் தேதியோடு குறித்து வையுங்கள். ஒரே நேரத்தில் அனுப்பிய இரு குழுக்களையும் அவை ஒருசேரத் தொடுவதால், வீதத்தைவிட வித்தியாசமே அடுத்த பண்டிகைக்கு எடுத்துப்போக ஓரளவு நம்பத் தகுந்தது.

பதிவேட்டின் மூன்றாம் வரியில் இலவச டெலிவரிதான் அடிப்படை மெசேஜ். அதன்மேல், எடுத்துக்காட்டாக, காலையில் அனுப்புவதா மாலையிலா என்று சோதிக்கலாம். அந்த வரியில் “ஆதாரம்: வரி 1, 2” என்றும், “டெலிவரிக் கட்டணம் 60 ரூபாயாக இருக்கும்வரை செல்லும்” என்றும் எழுதுங்கள். கூரியர்காரர் கட்டணத்தை 90 ஆக்கினால், எந்த வரிகளை மறுபடி சோதிக்க வேண்டும் என்று அந்தக் குறிப்பைத் தேடினாலே தெரிந்துவிடும்.