பிளாஸ்மோடியத்தின் வாழ்க்கைச் சுழற்சி: முதலில் இடம், பிறகு ஒட்டுண்ணி

மலேரியாவை உண்டாக்கும் ஒட்டுண்ணியான பிளாஸ்மோடியத்தின் வாழ்க்கைச் சுழற்சியைப் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொல்லும் வினாவுக்கு எழுதப்படும் விடைகளில் பெயர்கள் தவறுவது குறைவு. இடங்கள் தவறுவதே மிகுதி. ஸ்போரோசோயிட், மீரோசோயிட், கேமீட்டோசைட், ஊகைனீட், ஊசிஸ்ட் என்று மனப்பாடம் செய்த பெயர்களை ஒரு வட்டத்தின் மேல் வரிசையாக அடுக்கிவிட்டால் படம் முடிந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் அந்த வட்டம், எந்த நிலை எந்த உறுப்பில், எந்தச் செல்லுக்கு உள்ளே அல்லது வெளியே இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. இந்த ஒட்டுண்ணி ஒவ்வொரு முறையும் வடிவம் மாறுவதற்குக் காரணமே அது போய்ச் சேரும் இடம் மாறுவதுதான். ஆகவே முதலில் இடங்களை வரைந்துகொண்டு, பிறகு அவற்றுக்குள் ஒட்டுண்ணியை வைப்பதே சரியான முறை என்று கருதுகிறேன். மனிதரைத் தாக்கும் பிளாஸ்மோடியம் இனங்களுள் வைவாக்ஸை இங்கே எடுத்துக்கொள்வோம்.

தாளின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டு, வலப்பக்கத்தை மனிதனுக்கும் இடப்பக்கத்தைப் பெண் அனாஃபிலிஸ் கொசுவுக்கும் ஒதுக்குங்கள். இப்படிப் பிரித்தால் சுழற்சி கடிகார முள்ளின் திசையில் இயல்பாக ஓடும். நடுக்கோட்டைக் கடக்கும் அம்புகள் இரண்டே இரண்டுதான் இருக்க வேண்டும்: மேலே, கொசுவிலிருந்து மனிதனுக்குச் செல்லும் அம்பில் ஸ்போரோசோயிட்டுகள், கீழே, மனிதனிடமிருந்து கொசுவுக்குச் செல்லும் அம்பில் கேமீட்டோசைட்டுகள். மூன்றாவதாக ஓர் அம்பு கோட்டைக் கடந்தால் படத்தில் எங்கோ பிழை இருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். வலப்பக்கத்தில் மேலே ஒரு கல்லீரல் செல்லையும் அதன் கீழே நான்கைந்து இரத்தச் சிவப்பணுக்களையும் மெல்லிய பென்சில் கோட்டால் வரைந்துகொள்ளுங்கள். இடப்பக்கத்தில் கீழே கொசுவின் நடுக்குடலின் ஒரு பகுதியும், மேலே உமிழ்நீர்ச் சுரப்பியும் இருந்தால் போதும். கொசுவின் இறக்கையையும் கால்களையும் அழகாக வரைவதற்குச் செலவாகும் நேரம் வீண். குடற்சுவரை இரட்டைக் கோடாகத் தெளிவாக வரைவது அதைவிட முக்கியம். அதன் காரணம் பின்னால் விளங்கும்.

கொசு கடிக்கும்போது அதன் உமிழ்நீருடன் தோலுக்குள் இறங்கும் ஸ்போரோசோயிட், இரு முனைகளும் கூர்மையாகச் சற்றே வளைந்த மெல்லிய கதிர் போன்றது. இரத்தக் குழாயை அடைந்தவை பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் கல்லீரலுக்குச் சென்று, கல்லீரல் செல்களுக்குள் புகுந்துவிடுகின்றன. அங்கே ஒவ்வொன்றும் உருண்டு, உட்கரு திரும்பத் திரும்பப் பிளந்து, ஏறத்தாழ 8 நாட்களில் ஆயிரக்கணக்கான மீரோசோயிட்டுகள் நிறைந்த சைசாண்ட்டாகப் பெருக்கிறது. இந்தப் பாலிலாப் பிளவிப் பெருக்கமே சைசோகனி. இக்காலம் முழுவதும் நோயாளிக்குக் காய்ச்சல் இருப்பதில்லை. வைவாக்ஸில் சில ஸ்போரோசோயிட்டுகள் மட்டும் பிளவுபடாமல், ஒற்றை உட்கருவுடன் ஹிப்னோசோயிட் என்னும் உறங்கு நிலையில் கல்லீரல் செல்லுக்குள்ளேயே தங்கிவிடும். வாரங்களோ மாதங்களோ கழித்து இவை விழித்துப் பெருகும்போது, புதிதாகக் கொசு கடிக்காமலே காய்ச்சல் திரும்பி வருகிறது. இரத்தத்தில் உள்ள நிலைகளைக் கொல்லும் குளோரோகுயின் இவற்றைத் தொடுவதில்லை. அதனால்தான் வைவாக்ஸ் மலேரியாவுக்குப் பிரைமாகுயினையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். படத்தில் கல்லீரல் சைசாண்ட்டுக்குப் பக்கத்துச் செல்லில் சிறு வட்டமாக ஹிப்னோசோயிட்டை வரைந்து, அதிலிருந்து சைசாண்ட்டை நோக்கி ஒரு விட்டுவிட்ட கோட்டு அம்பைப் போட்டால், வைவாக்ஸின் தனித்தன்மை ஒரே பார்வையில் புலப்படும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இரத்தத்திலிருந்து மீரோசோயிட்டுகள் மீண்டும் கல்லீரலுக்குத் திரும்புவதாகச் சில பழைய வரைபடங்களில் ஓர் அம்பு காணப்படும். அந்தக் கருத்து இன்று ஏற்கப்படுவதில்லை. கல்லீரலிலிருந்து இரத்தத்துக்குச் செல்லும் அம்பு ஒருவழி அம்பு.

சிவப்பணுவுக்குள் நடப்பதற்குத் தாளில் தாராளமாக இடம் கொடுங்கள், ஏனெனில் நுண்ணோக்கியில் பார்த்து நோயைக் கண்டறிவது இந்த நிலைகளைக் கொண்டுதான். மீரோசோயிட் மிகச் சிறியது, உருண்டையானது. ஸ்போரோசோயிட்டைப் போல நீண்டு இருக்காது. இவ்விரண்டையும் ஒரே வடிவில் வரைவது அடிக்கடி காணும் பிழை. சிவப்பணுவுக்குள் புகுந்த மீரோசோயிட்டின் நடுவில் ஒரு நுண்குமிழ் தோன்றுவதால், சைட்டோபிளாசம் மெல்லிய வளையமாகவும் உட்கரு அந்த வளையத்தின் ஓர் ஓரத்தில் புள்ளியாகவும் ஒதுக்கப்படுகின்றன. கல் பதித்த மோதிரம் போலத் தெரியும் இதுவே முத்திரை மோதிர நிலை. இதை வரையும்போது வளையத்தின் விட்டம் சிவப்பணுவின் விட்டத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்காக இருக்கட்டும். உட்கருவை வளையத்தின் நடுவில் வைத்துவிடாதீர்கள், நடுவில் இருப்பது வெற்றுக் குமிழ்.

அடுத்து வரும் டிராபோசோயிட் அமீபாவைப் போல ஒழுங்கற்ற கிளைகளை நீட்டி வளர்கிறது. இது ஹீமோகுளோபினைச் செரிக்கும்போது எஞ்சும் நச்சுப் பகுதியை ஹீமோசோயின் என்னும் பழுப்புநிறப் படிகங்களாக மாற்றி ஓரமாக வைத்துக்கொள்கிறது. வைவாக்ஸ் தொற்றிய சிவப்பணு மற்றவற்றைவிடப் பெரிதாகும். சாயமேற்றிய இரத்தப் பூச்சில் அந்தப் பணு முழுவதும் ஷஃப்னர் துகள்கள் என்னும் இளஞ்சிவப்புப் புள்ளிகள் தெரியும். ஹீமோசோயின் ஒட்டுண்ணிக்கு உள்ளே இருப்பது, ஷஃப்னர் துகள்கள் ஒட்டுண்ணிக்கு வெளியே சிவப்பணுவில் இருப்பவை. குறிப்புக் கோடுகளின் முனை அந்தந்த இடத்தைச் சரியாகத் தொட வேண்டும். இறுதியில் உட்கரு பலமுறை பிளந்து, 12 முதல் 24 வரையிலான மீரோசோயிட்டுகள் நடுவிலுள்ள ஹீமோசோயின் திரளைச் சுற்றி அமைகின்றன. பணு வெடித்து இவை வெளிவந்து புதிய பணுக்களுக்குள் நுழைகின்றன.

இந்தச் சிறு சுழற்சிக்கு ஏறத்தாழ 48 மணி நேரம் ஆகிறது. பணுக்கள் பெருந்தொகையாக ஒரே நேரத்தில் வெடிக்கும்போது வெளியாகும் பொருள்களே குளிரும் நடுக்கமும் காய்ச்சலும் வரக் காரணம் என்பதால், வைவாக்ஸின் முறைக்காய்ச்சல் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. தொற்றின் தொடக்கத்தில் ஒட்டுண்ணிகள் எல்லாம் ஒரே கட்டத்தில் இருக்காது. அப்போது காய்ச்சல் தினமும் கூட வரலாம். படத்தில் ‘காய்ச்சல்’ என்ற குறிப்பு, பணு வெடிக்கும் இடத்தில் வர வேண்டும். கல்லீரலிலோ கொசு கடிக்கும் இடத்திலோ அன்று. வெடித்த பணுவிலிருந்து புதிய பணுவுக்குத் திரும்பும் வளைந்த அம்பை விட்டுவிட்டால், ஒரே ஒரு முறை காய்ச்சல் வந்து நின்றுவிடும் ஒரு நோயை நீங்கள் வரைந்திருப்பீர்கள்.

சில மீரோசோயிட்டுகள் பிளவுறாமல், பணுவை ஏறக்குறைய நிறைக்கும் கேமீட்டோசைட்டுகளாக வளர்கின்றன. உட்கரு பெரிதாகப் பரவியிருப்பது ஆண், சிறிதாகத் திரண்டிருப்பது பெண். மனித உடலில் இவை இதற்கு மேல் வளர்வதில்லை. கொசு உறிஞ்சாவிட்டால் அழிந்துபோகும். கொசு இரத்தம் குடிக்கும்போது மோதிர நிலையும் சைசாண்ட்டும் சேர்ந்தே அதன் குடலுக்குள் செல்கின்றன, ஆனால் அவை செரிக்கப்பட்டுவிடும். கேமீட்டோசைட்டுகள் மட்டுமே மேலே தொடர்கின்றன. கீழ் அம்பில் அவற்றின் பெயரை மட்டும் எழுதுவதற்கு இதுவே காரணம்.

குடலில் வெப்பநிலை குறைந்ததையும், கொசுவின் உடலிலுள்ள சாந்துரெனிக் அமிலத்தையும் உணர்ந்த கேமீட்டோசைட்டுகள் பணுவை விட்டு வெளியேறுகின்றன. ஓர் ஆண் கேமீட்டோசைட் சில நிமிடங்களிலேயே, சாட்டை போலத் துடிக்கும் 8 ஆண் கேமீட்டுகளை வெளியிடுகிறது. பெண் கேமீட்டோசைட் ஒரே ஒரு பெண் கேமீட்டாகிறது. 1880இல் அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் நகரில் பிரெஞ்சு இராணுவ மருத்துவர் லாவெரான் புதிதாக எடுத்த இரத்தத் துளியில் கண்டது இந்தத் துடிப்பைத்தான். கருவுறுதல் குடலின் உட்குழியில், அதாவது இரட்டைக் கோட்டின் உள்பக்கத்தில் நிகழ்கிறது. பால்முறை இணைவு இங்கே நடப்பதால் கொசுவே முதன்மை விருந்தோம்பி, மனிதன் இடைநிலை விருந்தோம்பி. பலர் இதைத் தலைகீழாக எழுதுகிறார்கள்.

கருமுட்டை ஒரு நாளைக்குள் நீண்டு, நகரும் தன்மையுள்ள ஊகைனீட்டாகிக் குடற்சுவரைத் துளைத்துச் செல்கிறது. சுவரின் வெளிப்பக்கத்தில், வெளியுறைக்கு அடியில் தங்கி உருண்டு ஊசிஸ்ட்டாகிறது. இரட்டைக் கோடு இங்கேதான் பயன்படுகிறது: கருமுட்டை உள்ளே, ஊகைனீட் சுவரைக் கடந்துகொண்டு, ஊசிஸ்ட் வெளிப்பக்கத்தில் புடைத்துக்கொண்டு இருக்க வேண்டும். 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில், மலேரியா நோயாளியின் இரத்தம் குடித்த ஒரு கொசுவை அறுத்துப் பார்த்த ரொனால்டு ராஸ், இரைப்பைச் சுவரில் கண்ட வட்டச் செல்கள் இந்த ஊசிஸ்ட்டுகளே. அவற்றுக்குள் இருந்த கருநிறத் துகள்கள், நோயாளியின் சிவப்பணுக்களில் காணும் அதே நிறமி என்பதை உணர்ந்ததால்தான் கொசுவுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு அவருக்குப் பிடிபட்டது. இளம் ஊசிஸ்ட்டுக்குள் சில புள்ளிகளை நீங்களும் வைக்கலாம்.

ஊசிஸ்ட்டுக்குள் நடக்கும் ஸ்போரோகனிப் பெருக்கத்தில் ஆயிரக்கணக்கான ஸ்போரோசோயிட்டுகள் உருவாகி, அது வெடித்ததும் உடற்குழிக்குள் பரவி, உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் புகுகின்றன. குடலுக்குள் அவை திரும்புவதில்லை. ஊசிஸ்ட்டிலிருந்து புறப்படும் அம்பு உடற்குழி வழியாகவே செல்லட்டும். இரத்தம் குடித்ததிலிருந்து இந்த நிலை வரை வெதுவெதுப்பான சூழலில் ஏறத்தாழ 10 முதல் 14 நாட்கள் ஆகும். சுமார் 16 டிகிரி செல்சியசுக்குக் கீழே வைவாக்ஸின் வளர்ச்சி கொசுவில் நின்றுவிடும்.

படம் முடிந்தபின் பெயர்களை ஓரங்களில் நேர்வரிசையாக எழுதி, குறிப்புக் கோடுகளை அம்புமுனை இல்லாமல், ஒன்றையொன்று வெட்டாமல் இழுங்கள். அம்புமுனை வளர்ச்சியின் திசைக்கு மட்டுமே உரியது. நேரம் மீதியிருந்தால் கருமுட்டையின் அருகில் 2n என்றும் மற்ற நிலைகளின் அருகில் n என்றும் எழுதலாம். கருவுற்ற சில மணி நேரத்திலேயே குன்றல் பகுப்பு நிகழ்வதால், இந்தச் சுழற்சியில் இரட்டைமயம் என்பது குடலில் அந்தக் குறுகிய காலத்துக்கு மட்டுமே உரியது. கேமீட்டோசைட்டின் அருகில் 2n என்று எழுதுவது, ஒட்டுண்ணியை மனிதனின் இனச்செல்களைப் போல எண்ணுவதால் வரும் பிழை.