மூன்று காகிதம், மூன்று பெயர்: இந்தி தெரிந்தவர்களுக்குத் திருப்பூரில் காத்திருக்கும் வேலை

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குச் சனிக்கிழமை சம்பளம். அதனால் என் மேசைக்கு ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டம். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம் என்று பல ஊர்க்காரர்கள் வருகிறார்கள். அப்பா ரயில்வேயில் வேலை பார்த்ததால் நான் வளர்ந்தது கரக்பூரில். இந்தியும் வங்காளமும் அங்கேயே தெருவில் வந்துவிட்டன. பிறகு இங்கே ஒரு ஏற்றுமதி கம்பெனியில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கணக்கு பார்த்தேன். இப்போது வெளிமாநிலத் தொழிலாளர்களுக்குப் படிவம் நிரப்பித் தருவதுதான் தொழில்.

இரண்டு மூன்று மொழி தெரிந்தவர்கள் அடிக்கடி வந்து, “மொழிபெயர்ப்பு வேலை கிடைக்குமா?” என்று கேட்கிறார்கள். எப்போதாவது கிடைக்கும். வாரம் தவறாமல் வருவது வேறு வேலை. ஒரே ஆளின் பெயர் மூன்று காகிதத்தில் மூன்று விதமாக இருக்கும். அதனால் அவருடைய பணம் எங்கோ நின்றுபோயிருக்கும். இதைச் சரிசெய்ய மொழியும் தெரிய வேண்டும், படிவமும் தெரிய வேண்டும். இரண்டும் தெரிந்தவர்கள் குறைவு.

பெயர் எப்படி மாறுகிறது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். வேலைக்குச் சேரும் அன்று, கேட்டில் இருப்பவர் பெயரைக் காதால் கேட்டுத் தமிழில் நோட்டில் எழுதுவார். வங்காளத்துப் பையன் தன் பெயரை ‘பிகாஷ்’ என்பான். அவன் ஆதாரில் இருப்பது Vikash. ஆங்கிலத்தில் Pi, Bi என்று இரண்டு ஒலிக்கும் தமிழில் ‘பி’ என்ற ஒரே எழுத்துதான். நாலு நாள் கழித்து ஆபீஸில் அந்த நோட்டைப் பார்த்து ஆங்கிலத்தில் தட்டும்போது Pigash ஆகிவிடும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. காது, தமிழ் நோட்டு, கம்ப்யூட்டர் என்று மூன்று இடம் தாண்டும்போது எழுத்து உருமாறிவிடுகிறது.

பெண்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பீகார், ஜார்க்கண்ட் பக்கம் கல்யாணத்துக்கு முன் ‘குமாரி’, பின் ‘தேவி’ என்று பெயரின் பின்பாதி மாறுவது வழக்கம். நம் ஆட்களுக்கு அது தெரியாது. நம் பழக்கப்படி “அப்பா பேர் என்ன?” என்று கேட்டு, அதன் முதல் எழுத்தை இனிஷியலாக முன்னால் போட்டுவிடுவார்கள்.

போன வருடம் வந்த ஒரு பெண்ணுக்கு இவை எல்லாமே நடந்திருந்தன. ஜார்க்கண்ட்காரர், செக்கிங் வேலை. உண்மைப் பெயர் வேண்டாம், Sunita Devi என்று வைத்துக்கொள்வோம். 2018 ஜூலையிலிருந்து 2020 பிப்ரவரி வரை ஒரு கம்பெனியில் இருந்திருக்கிறார். அப்புறம் ஊருக்குப் போனார், லாக்டவுன் வந்தது. திரும்பி வந்தபின் பி.எஃப். பிடிக்காத ஒரு சின்ன ஜாப் ஒர்க் யூனிட்டில் பீஸ் ரேட்டுக்கு வேலை. பழைய பி.எஃப். பணத்தைக் கேட்டு இரண்டு முறை அலைந்து, இரண்டு முறையும் முடியாது என்று திரும்பியிருந்தார்.

யார் வந்தாலும் நான் கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன் ஒரு நோட்டில் கோடு போடுவேன். ஆதார், பி.எஃப்., பாங்கு என்று மூன்று கட்டம். ஒவ்வொன்றிலும் பெயர் எழுத்து எழுத்தாக, பிறந்த தேதி, அப்பா அல்லது கணவர் பெயர், போன் நம்பரின் கடைசி நாலு எண். இவருக்கு அந்தக் கட்டம் இப்படி வந்தது. ஆதாரில் Sunita Devi, 01/01/1994. பி.எஃப்.இல் R Sunita, 14/05/1996. கல்யாணத்துக்கு முன் ஊரில் திறந்த பாங்குக் கணக்கில் Sunita Kumari. ஆதாரில் ஜனவரி 1 என்று இருப்பதைப் பார்த்து ஆச்சரியப்பட வேண்டாம். வருடம் மட்டும் தெரிந்தவர்களுக்கு அப்படித்தான் பதிந்திருப்பார்கள்.

முன்பு போன இடத்தில், “ஆதாரை பி.எஃப். மாதிரி மாத்திடுங்க, சுலபம்” என்று சொல்லியிருக்கிறார்கள். இந்த யோசனையை நான் வாரம் ஒருமுறையாவது கேட்கிறேன். கேட்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரே முறைதான். கேட்டில் ஒருவர் தவறாக எழுதியதற்காக அந்த வாய்ப்பைச் செலவழித்தால் ரேஷன், பாங்கு, பிள்ளையின் பள்ளிச் சேர்க்கை என்று மற்ற இடமெல்லாம் பெயர் ஒட்டாமல் போகும். ஆதாரில் இருப்பது சரியான பெயர் என்றால் அதைத் தொடவே கூடாது. மற்றவற்றை அதற்கு ஏற்பத் திருத்த வேண்டும். ஆதாரிலேயே பிழை இருந்தால் மட்டும் முதலில் அதைத் திருத்த வேண்டும்.

பாங்குப் பிரச்சினை லேசாக முடிந்தது. திருப்பூரில் ஆதாரை வைத்துத் திறந்த இன்னொரு கணக்கு அவரிடம் இருந்தது. அதில் பெயர் Sunita Devi தான். ஊர்க் கணக்கை விட்டுவிட்டு இதையே எடுத்துக்கொண்டோம்.

பி.எஃப். பெயர்தான் இழுத்தது. 2021க்குப் பிறகு ஆதாரோடு இணைக்காமல் மாதத் தொகையைக் கட்டவே முடியாது என்று ஆகிவிட்டதால், புதிதாகச் சேர்பவர்களிடம் இவ்வளவு பெரிய வித்தியாசம் குறைவு. பி.எஃப். உறுப்பினர் எண்ணான UAN 2017 அக்டோபர் 1க்குப் பின் கிடைத்து, ஆதாரும் சரிபார்க்கப்பட்டிருந்தால், சிறு திருத்தங்களை உறுப்பினரே ஆன்லைனில் செய்துகொள்ளலாம். 2025 ஜனவரியில் வந்த வசதி இது. இவருடைய கணக்கிலோ ஆதார் ஒட்டவே இல்லை. ஆகவே கம்பெனி வழியாக Joint Declaration போட வேண்டும். தொழிலாளியும் கம்பெனியும் சேர்ந்து, இந்தப் பெயரும் அந்தப் பெயரும் ஒரே ஆள்தான் என்று பி.எஃப். அலுவலகத்துக்கு உறுதி சொல்வது அது.

கம்பெனிக்குப் போன் செய்தால், “சுனிதா தேவின்னு எங்ககிட்ட யாருமே இல்லையே” என்றார்கள். அவர்கள் சொன்னதும் உண்மைதான். பெயரும் மாறி, பிறந்த தேதியும் மாறியிருந்தால் ஆளே வேறோ என்ற சந்தேகம் யாருக்கும் வரும். அதனால் அந்தக் காலத்துக் காகிதம் எது இருந்தாலும் கொண்டுவரச் சொன்னேன். பெட்டியின் அடியிலிருந்து ஒரு இ.எஸ்.ஐ. அட்டை வந்தது. அதில் குடும்பப் போட்டோ, R Sunita என்ற பெயர், கணவர் பெயர் எல்லாம் இருந்தன. கணவர் பெயர் ஆதாரிலும் அதேதான். அந்த அட்டைதான் இரண்டு பெயருக்கும் பாலம். கம்பெனி ஒப்புக்கொண்டு அனுப்பியது. எல்லாம் முடிய இரண்டரை மாதம் ஆனது.

இனிமேல்தான் மொழி தெரிந்தவரின் உண்மையான வேலை. பணம் எடுக்க இரண்டு படிவம் உண்டு. பி.எஃப். தொகைக்கு படிவம் 19, பென்ஷன் பங்குக்கு படிவம் 10C. அவருடைய பி.எஃப். சம்பளம் 9,000. அதில் அவரிடமிருந்து 12 சதவீதம், அதாவது மாதம் 1,080. கம்பெனியும் அதே அளவு போடும். அதில் 750 பென்ஷனுக்குப் போக மீதி 330 அவருடைய கணக்கில் சேரும். மாதம் 1,410 வீதம் 20 மாதத்துக்கு 28,200, வட்டி தனி. இந்தக் கணக்கை அவர் முன்னாலேயே எழுதிக் காட்டிவிடுவேன். கையில் எவ்வளவு வரும் என்று தெரிந்தவரை யாரும் ஏமாற்ற முடியாது.

பென்ஷன் பங்கில் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. பத்து வருடத்துக்குள் வேலை பார்த்தவர் அதைப் பணமாக எடுக்கலாம். எடுக்காமல் ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கி வைத்தால், அந்த 20 மாதம் பின்னால் வேறு கம்பெனியில் பார்க்கும் வேலையோடு சேரும். மொத்தம் பத்து வருடம் ஆனால் மாதாமாதம் பென்ஷனுக்கு வழி உண்டு. பணமாக எடுத்துவிட்டால் அந்த 20 மாதம் கணக்கில் இல்லை. இதை இந்தியில் சொல்லிவிட்டு, “புரிந்ததா?” என்று கேட்டேன். “ஹா ஜி” என்றார் கணவர். அந்த ‘ஹா ஜி’யை நம்பி நான் ஒருமுறை தப்பாக ஒரு படிவம் அனுப்பியிருக்கிறேன். அது ‘கேட்டுக்கொண்டேன்’ என்பதற்கான பதில். அதனால் கேள்வியை அந்தப் பெண்ணிடமே திருப்பினேன்: “தீதி, ஊரில் உங்கள் அம்மா கேட்டால் இதை எப்படிச் சொல்வீர்கள்?” அவர் சொன்னதில் பாதி தவறாக இருந்தது. மறுபடி விளக்கினேன். இரண்டாம் முறை சரியாகச் சொன்னார். இனி பி.எஃப். உள்ள வேலைக்குப் போகும் எண்ணம் இல்லை, பணமே வேண்டும் என்று அவரே முடிவு செய்தார். நானாக இருந்தால் சர்டிபிகேட் வாங்கியிருப்பேன். ஆனால் பணம் அவருடையது, நான் வாயைத் திறக்கவில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் சிலவற்றைக் கண்டிப்பாகச் செய்யக் கூடாது. தொழிலாளியின் படிவத்தில் உங்கள் போன் நம்பரைப் போடாதீர்கள். ஓடிபி வசதிக்காகப் பலர் போடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து அந்த ஆள் தன் கணக்கைத் தானே திறக்க முடியாது. ஆதாரோடு இணைந்த நம்பர் ஊரில் அண்ணன் கையில் இருந்தால், அன்றைக்கு வேலை நடக்காது என்று சொல்லி, போஸ்ட் ஆபீஸிலோ பாங்கிலோ இருக்கும் ஆதார் மையத்துக்கு முதலில் அனுப்புங்கள். பாஸ்வேர்டை அவர்கள் நோட்டிலேயே எழுதிக் கொடுங்கள். ஒரிஜினல் காகிதத்தை இரவு உங்களிடம் வைத்துக்கொள்ளாதீர்கள். வரும் பணத்தில் சதவீதம் கேட்காதீர்கள். பி.எஃப். பணம் கேட்க அரசுக்கு எந்தக் கட்டணமும் இல்லை. நாம் வாங்குவது நம் நேரத்துக்கான கூலி மட்டும். நான் ஒரு தொகையைச் சுவரில் இந்தியிலும் வங்காளத்திலும் எழுதி ஒட்டியிருக்கிறேன். பணம் வந்தாலும் வராவிட்டாலும் அதே தொகைதான். கம்பெனியோடு சம்பளத் தகராறு, விபத்து நஷ்டஈடு என்று வந்தால் அது என் வேலை இல்லை. தொழிலாளர் துறை அலுவலகத்துக்கோ சங்கத்துக்கோ வக்கீலிடமோ அனுப்பிவிடுவேன். மொழிக்கு ஆள் வேண்டுமென்றால் கூடப் போவேன்.

தமிழ் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்பவர்களும் உண்டு. ஒன்றரை ஷிப்ட் முடித்து வருகிறவரை எழுத்தில் ஆரம்பித்தால் இரண்டாம் வாரம் வரமாட்டார். வேலைக்கு வேண்டிய வாக்கியங்களிலிருந்து தொடங்குகிறேன். சுனிதா தேவிக்குப் பணம் வந்த மறுவாரம் தம்பி மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பெண் திங்கட்கிழமை ஒரு கம்பெனியில் சேரப்போகிறாள். அரை மணி நேரம் மூவரும் உட்கார்ந்து ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னோம், கையில் ஆதார் அட்டையை நீட்டிக்கொண்டே: “அண்ணா, இதுல இருக்கிற மாதிரியே எழுதுங்க.”