எண்ணெய் விலை ஒன்று, வட்டி முடிவுகள் மூன்று

2011ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லிபியாவில் உள்நாட்டுப் போர் மூண்டபோது கச்சா எண்ணெய் விலை வேகமாக ஏறியது. முந்தைய கோடையில் பீப்பாய்க்கு 80 டாலரை ஒட்டியிருந்த பிரென்ட் எண்ணெய், ஏப்ரலில் 120 டாலரைத் தாண்டியது. அமெரிக்கா, யூரோ மண்டலம், பிரிட்டன் ஆகிய மூன்றிலும் பணவீக்கம் உயர்ந்தது. மூன்றிலும் 2008 நெருக்கடியின் காயம் ஆறாமல் வேலையின்மை மிகுந்திருந்தது. ஆயினும் அவற்றின் மத்திய வங்கிகள் வெவ்வேறு திசைகளில் சென்றன. ஐரோப்பிய மத்திய வங்கி ஏப்ரலிலும் ஜூலையிலும் வட்டியைக் கால் சதவீதப் புள்ளி வீதம் உயர்த்தி 1.5 சதவீதமாக்கியது. அமெரிக்க ஃபெடரல் ரிசர்வ் தன் வட்டியைப் பூஜ்யத்தை ஒட்டியே வைத்திருந்ததோடு, குறைந்தது 2013ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை அது அவ்வாறே நீடிக்கக்கூடும் என்று ஆகஸ்டில் அறிவித்தது. பேங்க் ஆஃப் இங்கிலாந்து வட்டியை 0.5 சதவீதத்தில் நிறுத்தியதுடன், பணவீக்கம் 5.2 சதவீதத்தைத் தொட்டிருந்த வேளையில், பணப்புழக்கத்தைக் கூட்ட அக்டோபரில் மேலும் 7,500 கோடி பவுண்டுக்குக் கடன் பத்திரங்களை வாங்க முடிவெடுத்தது.

இந்த வேறுபாட்டுக்கு முதல் விளக்கம் சட்டத்தில் இருக்கிறது. அமெரிக்க நாடாளுமன்றம் 1977இல் செய்த திருத்தம், அதிகபட்ச வேலைவாய்ப்பையும் நிலையான விலைகளையும் ஒன்றுக்கொன்று தாழ்வில்லாமல் ஃபெடரல் ரிசர்வின் முன் வைக்கிறது. நீண்டகால வட்டி மிதமாக இருக்க வேண்டும் என்ற மூன்றாவது இலக்கும் அதில் உண்டு என்றாலும், முதல் இரண்டும் நிறைவேறினால் அது தானே நிறைவேறும் என்று கருதப்படுவதால் இதனை இரட்டை இலக்கு என்றே அழைக்கிறார்கள். ஐரோப்பிய ஒப்பந்தமோ விலை நிலைத்தன்மையை முதன்மை இலக்காக வைக்கிறது. அதற்குக் குந்தகம் விளையாத வரையில் மட்டுமே பிற பொருளாதார நோக்கங்களை ஆதரிக்கச் சொல்கிறது. பிரிட்டனின் சட்டமும் ஏறக்குறைய இதே வரிசையைப் பின்பற்றுகிறது.

பெரும்பாலான காலங்களில் இந்த வரிசை எதையும் மாற்றுவதில்லை. மக்களும் நிறுவனங்களும் செலவைக் குறைக்கும்போது விலையும் வேலையும் சேர்ந்தே விழுகின்றன. எந்த இலக்கை வைத்துப் பார்த்தாலும் வட்டியைக் குறைப்பதுதான் விடை. முரண்பாடு எழுவது அளிப்புப் பக்க அதிர்ச்சியின்போதுதான். எண்ணெய் விலையேற்றம் ஒரே நேரத்தில் விலைகளை உயர்த்தி, வாங்கும் சக்தியை அரித்து, வேலைகளைக் குறைக்கிறது. பணவீக்கப் புள்ளிவிவரம் வட்டியை உயர்த்தச் சொல்ல, வேலைச்சந்தைப் புள்ளிவிவரம் குறைக்கச் சொல்கிறது.

அப்போது இலக்கு எவ்வாறு முடிவாக மாறுகிறது என்பதைப் பொருளியலாளர்கள் ஓர் இழப்புச் சமன்பாட்டால் எழுதுகிறார்கள்:

L = (π − π*)² + λ(u − u*)²

பணவீக்கம் இலக்கிலிருந்து விலகிய அளவின் வர்க்கத்தோடு, வேலையின்மை அதன் இயல்பான நிலையிலிருந்து விலகிய அளவின் வர்க்கத்தை λ என்ற எடையால் பெருக்கிக் கூட்டினால் வருவதே இழப்பு. விலையை மட்டும் பார்க்கும் வங்கிக்கு λ பூஜ்யம்.

இதைக் கற்பனையான எளிய எண்களில் செய்து பார்க்கலாம். எண்ணெய் விலை உயர்ந்திருக்கிறது. இனி இரண்டில் ஒன்று நடக்கும். ஏற்றம் தானே அடங்கி, இரண்டு ஆண்டுகளில் பணவீக்கம் இலக்குக்குத் திரும்பலாம். அல்லது தொழிலாளர்கள் உயர்ந்த விலைக்கு ஈடாகக் கூலி கேட்க, நிறுவனங்கள் அந்தக் கூலியை மீண்டும் விலையில் ஏற்ற, பணவீக்கம் இலக்கை விட 2 புள்ளி மேலே தங்கிவிடலாம். வட்டியை உயர்த்தினால் இரு நிலையிலும் பணவீக்கம் அரைப் புள்ளி குறையும், வேலையின்மை அரைப் புள்ளி கூடும். வேலையின்மை ஏற்கெனவே இயல்பை விட 2 புள்ளி அதிகம் என்று கொள்வோம்.

λ பூஜ்யமாக இருந்தால், கூலிச் சுழல் தொடங்கும் வாய்ப்பு 12.5 சதவீதத்தைத் தாண்டியதுமே வட்டியை உயர்த்துவதுதான் இழப்பைக் குறைக்கும். λ கால் ஆனால் அந்த வாய்ப்பு ஏறத்தாழ 41 சதவீதத்தைக் கடக்க வேண்டும். λ ஒன்று என்றால், சுழல் உறுதி என்று தெரிந்தாலும்கூட உயர்த்துவது சரியாகாது. இந்த மூன்று கற்பனை வங்கிகளும் ஒரே தரவைப் பார்க்கின்றன, ஒரே முன்கணிப்பை நம்புகின்றன. மாறுவது, செயல்படுவதற்கு எவ்வளவு சான்று போதும் என்பது மட்டுமே. இலக்கு வட்டியை நேரடியாகத் தீர்மானிப்பதில்லை, எந்தத் தவறுக்கு அதிகம் அஞ்ச வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது என்பதே இந்தக் கணக்கு எனக்குச் சொல்லும் மிக முக்கியமான செய்தி.

2011இல் ஐரோப்பிய மத்திய வங்கி அஞ்சியது அந்தச் சுழலுக்குத்தான். பெல்ஜியம், லக்சம்பர்க் போன்ற நாடுகளில் கூலி விலைவாசியோடு தானாகவே உயரும் ஏற்பாடு இருப்பதால், அந்த அச்சத்தை ஆதாரமற்றது என்று தள்ள முடியாது. ஃபெடரல் ரிசர்வுக்கோ 9 சதவீதத்தை ஒட்டிய வேலையின்மையே கண்முன் நின்ற தோல்வி. எந்த அச்சம் நியாயமானது என்பதை அறியச் சில அடையாளங்கள் உண்டு: எண்ணெயும் உணவும் நீங்கலான பணவீக்கம் ஏறுகிறதா, கூலி ஒப்பந்தங்கள் உயர்கின்றனவா, நீண்டகாலப் பணவீக்க எதிர்பார்ப்பு இலக்கை விட்டு நகர்கிறதா என்பவை. அமெரிக்காவில் சுழல் எழவில்லை. 2011 செப்டம்பரில் 3.9 சதவீதமாக இருந்த பணவீக்கம் ஓராண்டில் 2 சதவீதமாக இறங்கியது. யூரோ மண்டலம் அதே 2011இன் பிற்பகுதியில் மந்தநிலைக்குள் விழ, நவம்பரிலும் டிசம்பரிலும் இரண்டு உயர்வுகளும் திரும்பப் பெறப்பட்டன. அந்த மந்தநிலைக்கு அரசுக் கடன் நெருக்கடியே பெருங்காரணம் என்பதால், முழுப் பழியையும் அரைப் புள்ளி வட்டியின் மீது சுமத்துவது முறையாகாது.

ஆனால் பிரிட்டன் இந்த விளக்கத்துக்குள் எளிதில் அடங்குவதில்லை. விலையையே முதலில் வைக்கும் சட்டம், மூன்றில் மிக உயர்ந்த பணவீக்கம், அப்படியும் தளர்வான கொள்கை. இங்கே வேலை செய்தது கால எல்லை. வட்டி மாற்றம் பணவீக்கத்தை முழுமையாக எட்ட ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. எண்ணெய் ஒருமுறை ஏறி அங்கேயே நின்றுவிட்டால், ஓராண்டு கழித்து அது வருடாந்தர ஒப்பீட்டிலிருந்து தானே விலகிவிடும். 2011 ஜனவரியில் மதிப்புக் கூட்டு வரி 17.5 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக உயர்ந்ததும் அத்தகையதே. இன்று உயர்த்தும் வட்டி, அந்த விலையேற்றம் மறைந்த பிறகே வந்து சேரும் என்பதால், விலையை மட்டும் இலக்காகக் கொண்டவருக்கும் காத்திருப்பது பொருந்தும். பேங்க் ஆஃப் இங்கிலாந்தில் வட்டியை முடிவு செய்யும் குழுவிலும் ஒருமித்த கருத்து இருக்கவில்லை. பிப்ரவரியில் ஒன்பது பேரில் மூவர் வட்டியை உயர்த்த வாக்களித்தனர். 2011 செப்டம்பரில் 5.2 சதவீதமாக இருந்த பணவீக்கம் ஓராண்டில் 2.2 சதவீதமாகக் குறைந்தது.

அதே கணக்கில் வேலையின்மையை இயல்பு நிலையில் வைத்துப் பார்த்தால் இன்னொன்று தெரிகிறது. λ கால் ஆனவருக்குத் தேவைப்பட்ட 41 சதவீதம் ஏறத்தாழ 16 ஆகச் சுருங்கி, λ பூஜ்யமானவரின் 12.5க்கு அருகே வந்துவிடுகிறது. விலகல்களை வர்க்கப்படுத்துவதால், வேலைவாய்ப்பு நிறைந்திருக்கும்போது அதிலிருந்து சிறிது இழப்பது மலிவானது. 2022இல் நடந்தது இதுவே: வேலையின்மை 3.6 சதவீதமாக இருந்த மார்ச்சில் இரட்டை இலக்கு கொண்ட ஃபெடரல் ரிசர்வ் வட்டியை உயர்த்தத் தொடங்கி, ஜூனிலிருந்து நான்கு கூட்டங்களில் தொடர்ந்து முக்கால் புள்ளி வீதம் ஏற்றியது. விலையை முதன்மையாகக் கொண்ட ஐரோப்பிய மத்திய வங்கி தன் முதல் உயர்வை ஜூலையில்தான் செய்தது.